எடை குறைய ஒரு மாத மளிகைப் பட்டியல்

கேள்வி: எனக்கு 41 வயது, உயரம் 156 செ.மீ., எடை 76 கிலோ. திண்டுக்கல்லில் இருக்கிறோம். கணவர் கடை வைத்திருக்கிறார், இரவு ஒன்பதுக்குத்தான் வருவார். பிள்ளைகள் இருவரும் பள்ளியில் படிக்கிறார்கள். சாப்பாட்டைக் குறைத்துத்தான் சாப்பிடுகிறேன். மதியம் பெரும்பாலும் ரசம் சாதமும் ஒரு பொரியலும்தான். ஆனால் நாலு மணிக்குப் பசி தாங்காது. டீயுடன் ஐந்து மேரி பிஸ்கட், ஆறு மணிக்குப் பிள்ளைகளோடு ஒன்றிரண்டு பிடி மிக்சர் என்று போய்விடுகிறது. மாதம் 1½ கிலோ மிக்சர், 1 கிலோ முறுக்கு, 1½ கிலோ பிஸ்கட், 1 கிலோ ரஸ்க், எட்டு நூடுல்ஸ் பாக்கெட் வாங்குகிறோம். இதற்கு மட்டும் சுமார் 1,300 ரூபாய் ஆகிறது. எண்ணெய் 5 லிட்டர், சர்க்கரை 4 கிலோ, துவரம்பருப்பு 1½ கிலோ. ஓட்ஸ், பாதாம், சியா விதை வாங்கச் சொல்கிறார்கள், கட்டுப்படியாகாது. போன மாதப் பரிசோதனையில் சர்க்கரை, தைராய்டு எதுவும் இல்லை. இதே செலவுக்குள் எடை குறைய என்ன வாங்கலாம் என்று பட்டியல் போட்டுத் தர முடியுமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

அளவோடு எழுதியிருப்பதால் உங்களுக்கென்றே கணக்குப் போட முடிகிறது. முதலில் நான் கவனித்தது மிக்சரை அல்ல, துவரம்பருப்பை. நான்கு பேருக்கு மாதம் 1½ கிலோ என்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு 12 கிராம்தான் வருகிறது. அதிலும் பாதி இட்லி சாம்பாருக்குப் போகும். ரசம் சாதமும் பொரியலும் வயிற்றை அப்போதைக்கு நிரப்பும். ஆனால் அதில் புரதம் மிகக் குறைவு, மென்று தின்ன வேண்டிய பொருளும் குறைவு. இரண்டு மூன்று மணி நேரத்தில் செரித்துவிடும். நாலு மணிப் பசி உங்கள் மன உறுதி குறைந்ததால் வருவதில்லை. மதியத் தட்டில் இல்லாத பருப்பு அந்த நேரத்தில் பசியாக வந்து நிற்கிறது. அந்தப் பசிக்குக் கைக்கெட்டும் இடத்தில் பிஸ்கட் இருப்பதால் பிஸ்கட் போகிறது. ஆகவே நொறுக்குத்தீனியை நிறுத்துவதற்கு முன் அந்த இடத்தில் எது உட்காரும் என்பதை மளிகைச் சீட்டிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

இப்போது மாலையில் உள்ளே போவதைப் பார்ப்போம். மேரி பிஸ்கட் ஒன்று ஏறக்குறைய 25 கலோரி. ஐந்துக்கு 120-க்கு மேல். மிக்சர் 100 கிராமில் 500-லிருந்து 550 கலோரி இருக்கும். ஒன்றிரண்டு பிடி என்பதை 50 கிராம் என்று வைத்தால் அது 260. டீயில் போடும் சர்க்கரையை விட்டுவிட்டாலும் மாலை மட்டும் 380 கலோரி ஆகிறது. ஒரு வேளைச் சாப்பாட்டின் அளவு அது. ஆனால் சாப்பிட்ட திருப்தி இல்லாமலேயே முடிந்துவிடுகிறது. காரணம் எளிது. மிக்சரில் தண்ணீர் கிட்டத்தட்ட இல்லை. மாவு எண்ணெயில் பொரிந்து, தண்ணீர் இருந்த இடத்தில் எண்ணெய் ஏறியிருக்கிறது. எடை கொஞ்சம், கலோரி நிறைய, வாயில் போட்டதும் கரைந்துவிடும். சுண்டலில் நடப்பது இதற்கு நேர் எதிர். 40 கிராம் காய்ந்த கொண்டைக்கடலை ஊறி வெந்தால் இரண்டு மடங்குக்கு மேல் எடை ஏறும், ஏறியதெல்லாம் தண்ணீர். அரை டீஸ்பூன் எண்ணெயில் தாளித்து, ஒரு மேசைக்கரண்டி தேங்காய்த் துருவல், கொஞ்சம் வெங்காயம் சேர்த்தால் ஒரு கிண்ணம் நிறைய, 100 கிராமுக்கு மேல் வரும். கலோரி சுமார் 190. அதே 190 கலோரிக்கு மிக்சர் 35 கிராம்தான் கிடைக்கும், ஒரே பிடி. சுண்டலில் புரதம் 8 கிராம் அளவில் இருக்கிறது, நார்ச்சத்தும் உண்டு, தோலோடு மென்று தின்னவே கால் மணி நேரம் ஆகும். இரவு ஒன்பது வரை தாங்கும்.

அதனால் பட்டியலைப் பொருளின் பெயரிலிருந்து தொடங்காதீர்கள், மாலைகளிலிருந்து தொடங்குங்கள். ஒரு மாதத்துக்கு 30 மாலைகள். ஒவ்வொரு மாலைக்கும் ஆளுக்கு இத்தனை கிராம் என்று வைத்து, நான்கால் பெருக்கி, எத்தனை மாலை என்பதால் பெருக்கினால் வாங்க வேண்டிய எடை தானாக வந்துவிடும். இப்படிக் கணக்கிட்டு வாங்கினால் பொருள் மீந்து வண்டு பிடிப்பதும் இல்லை. இருபதாம் தேதியே தீர்ந்துபோய் மறுபடி பேக்கரிக்குப் போவதும் இல்லை.

உங்கள் வீட்டுக்கு நான் பிரிப்பது இப்படி. 16 மாலை பயறுச் சுண்டல்: ஆளுக்கு 40 கிராம், நான்கு பேருக்கு 160 கிராம், 16 மாலைக்கு 2½ கிலோ. 5 மாலை அவித்த நிலக்கடலை: ஆளுக்கு 30 கிராம் பருப்பு, மொத்தம் 600 கிராம். 5 மாலை பொரியும் பொட்டுக்கடலையும்: ஆளுக்கு 25 கிராம் பொட்டுக்கடலை, 15 கிராம் பொரி; ஆக 500 கிராம் பொட்டுக்கடலை, 300 கிராம் பொரி. 4 மாலை அவித்த முட்டை, ஆளுக்கு ஒன்று, 16 முட்டை. முட்டை சாப்பிடாத வீடாக இருந்தால் அந்த நான்கு மாலையையும் பயறிலேயே சேர்த்துவிடுங்கள், 640 கிராம் கூடுதலாக வரும். இவற்றோடு வாரம் 2 கிலோ பழம்.

கடைக்கு எடுத்துப் போகும் சீட்டு இது. விலைகள் தோராயமானவை, ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் ஐந்து பத்து ஏறி இறங்கும்.

கறுப்புக் கொண்டைக்கடலை 1 கிலோ – ₹100
பச்சைப்பயறு 1 கிலோ – ₹120
தட்டைப்பயறு ½ கிலோ – ₹55
தோலில்லாத பச்சை நிலக்கடலை 600 கிராம் – ₹85
பொட்டுக்கடலை ½ கிலோ – ₹55
பொரி 300 கிராம் – ₹35
முட்டை 16 – ₹105
கொய்யா, பப்பாளி, வாழை என்று மாதம் 8 கிலோ – ₹450
மிக்சர் 250 கிராம், பிஸ்கட் ½ கிலோ – ₹150

மொத்தம் 1,155 ரூபாய். நீங்கள் இப்போது செலவழிப்பதில் 145 ரூபாய் மிச்சம், அதுவும் எட்டுக் கிலோ பழத்தைச் சேர்த்த பிறகு. மிக்சரையும் பிஸ்கட்டையும் முழுதாக வெட்டாததற்குக் காரணம் பிள்ளைகள். வீட்டில் ஒன்றுமே இல்லை என்றால் அவர்கள் பள்ளி வாசல் பெட்டிக்கடையில் வாங்குவார்கள். அங்கே அளவு யார் கையிலும் இருக்காது. ஆனால் ஒரே பெரிய பாக்கெட்டாக வாங்காதீர்கள். மிக்சரை 250 கிராம் பாக்கெட்டாக, மாதத்தில் ஒரு சனிக்கிழமை வாங்கி அன்றே எல்லோருமாகத் தின்று தீர்த்துவிடுங்கள். டின்னில் கொட்டி வைக்கும் பழக்கம்தான் கெடுப்பது. டின்னில் இருப்பது குறைவது கண்ணுக்குத் தெரியாது, போகிற வருகிற போதெல்லாம் கை உள்ளே போகும்.

பருப்புக்கு வருகிறேன். துவரம்பருப்பு 1½ கிலோவோடு பாசிப்பருப்பு 1 கிலோ சேருங்கள். அரிசி அட்டை இருந்தால் ரேஷனில் மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை ஒரு மாதமும் விடாதீர்கள். 2½ கிலோ பருப்பு, 2½ கிலோ பயறு இரண்டையும் கூட்டினால் ஆளுக்கு நாளொன்றுக்கு 40 கிராமைத் தாண்டும். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 2,000 கலோரி உணவில் பருப்பு, பயறு, முட்டை, இறைச்சி எல்லாம் சேர்த்து 85 கிராம் இருக்கச் சொல்கிறது. நாம் இன்னும் பாதியில்தான் நிற்கிறோம். முட்டையும், சாப்பிடுபவர்களானால் வாரத்தில் ஒரு நாள் மீனும் இருந்தால் மீதியில் ஒரு பங்கு நிரம்பும். மதியம் ரசம் இருக்கட்டும். ஆனால் அதற்கு முன் ஒரு கரண்டி கெட்டிப் பருப்போ கூட்டோ சாதத்தோடு வந்துவிட வேண்டும். பாசிப்பருப்பும் ஏதாவது ஒரு நீர்க்காயும் போட்ட கூட்டுக்குக் குக்கரில் இரண்டு விசில் போதும்: புடலை, சுரை, பீர்க்கு, சௌசௌ, முள்ளங்கி எதுவானாலும். இவை சந்தையில் எப்போதும் மலிவான வரிசையில்தான் இருக்கும். உருளைக்கிழங்கு வறுவல் வாரத்துக்கு ஒரு நாள் போதும்.

பாசிப்பருப்புக்கும் காய்க்கும் பணம் எங்கிருந்து வரும் என்றால், எண்ணெயிலிருந்தும் சர்க்கரையிலிருந்தும். இந்த இரண்டும் நொறுக்குத்தீனிக் கணக்கில் வராது என்று நினைப்பதால்தான் பலருக்கு எடை அசையவே அசையாது. 5 லிட்டர் எண்ணெய் என்பது நான்கு பேருக்கு ஆளுக்குத் தினம் 38 கிராம். மேலே சொன்ன வழிகாட்டுதலில் எண்ணெய், கொழுப்புக்கு இருக்கும் அளவு 27 கிராம். அதை அப்படியே மாதக் கணக்காக்கினால் உங்கள் வீட்டுக்கு 3½ லிட்டர் வருகிறது. எண்ணெயில் கிராமுக்கு 9 கலோரி. ஆகவே இந்த ஒரு மாற்றத்திலேயே ஆளுக்குத் தினம் 100 கலோரி குறையும். மாதம் 3½ லிட்டர் வாங்கி, அதை நான்காகப் பிரித்து வாரத்துக்கு 875 மில்லி மட்டும் அடுப்படியில் வையுங்கள். மீதி அலமாரியில் மேலே இருக்கட்டும். பாட்டிலைச் சாய்த்து ஊற்றுவதை விட்டு டீஸ்பூனால் ஊற்றுங்கள். முதல் வாரம் ஐந்தாம் நாளே தீர்ந்துவிடலாம். அப்போது எதில் போனது என்று பாருங்கள். பெரும்பாலும் பொரித்த அப்பளம், வறுவல், தோசைக்கல் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். ரேஷன் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்பதால் அதை 3½ லிட்டருக்கு மேல் கூடுதலாகச் சேர்க்காதீர்கள், அந்த 3½-க்குள்ளேயே அடக்குங்கள். மலிவாகக் கிடைத்த எண்ணெய்தான் வடைச் சட்டியை அடிக்கடி அடுப்பில் ஏற்றுகிறது.

சர்க்கரை 4 கிலோ என்றால் ஆளுக்குத் தினம் 33 கிராம். பிஸ்கட்டில் வருவது தனி. உலக சுகாதார நிறுவனம் சேர்க்கப்படும் சர்க்கரை தினம் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. இந்த மாதம் 3 கிலோ, அடுத்த மாதம் 2 கிலோ என்று இறக்குங்கள். டீக்கு இரண்டு டீஸ்பூன் போடுகிறீர்கள் என்றால் பத்து நாளைக்கு ஒருமுறை அரை டீஸ்பூன் குறைத்துக்கொண்டே வரலாம், நாக்கு பழகிவிடும். ஒரேயடியாக நிறுத்தினால் நாலாம் நாள் பழைய அளவுக்கே திரும்புவதுதான் வழக்கம். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் என்று மாற்றுவதில் செலவுதான் கூடும். கலோரி ஏறக்குறைய அதேதான்.

எண்ணெயில் 1½ லிட்டரும், இரண்டு மாதத்தில் சர்க்கரையில் 2 கிலோவும் குறைந்தால் 300 ரூபாய்க்குக் குறையாமல் மிஞ்சும். பாசிப்பருப்புக்கு 120 போக, மீதி வாரம் ஒன்றரை இரண்டு கிலோ கூடுதல் காய்க்கு ஆகும்.

இனி, இப்படிப் பட்டியல் போட்டவர்கள் எங்கே வழுக்குகிறார்கள் என்று சொல்கிறேன். முதல் மாதத்தில் உங்களுக்கும் இவை வரும்.

முதலாவது, ஊறப் போட மறப்பது. சுண்டல் திட்டம் குலைவதற்கு இதைவிடப் பெரிய காரணம் கிடையாது. மாலை நாலு மணிக்கு நினைவு வந்தால் கொண்டைக்கடலை வேகாது. எட்டு மணி நேரமாவது ஊற வேண்டும். அதற்குத்தான் பட்டியலில் மூன்று வகை வைத்திருக்கிறேன். பச்சைப்பயறும் தட்டைப்பயறும் ஊறாமலே குக்கரில் நாலைந்து விசிலில் வெந்துவிடும். மறந்த நாளுக்கு அவை. பொட்டுக்கடலையும் பொரியும் அடுப்பே வேண்டாதவை. எதுவும் முடியாத நாளுக்கு அவை. இன்னும் உறுதியான வழி, வாரத்துக்கு இரண்டு முறை மொத்தமாக வேகவைப்பது. ஞாயிறு இரவு 320 கிராம் கொண்டைக்கடலையை ஊறப் போட்டு, திங்கள் காலை சமையலோடு உப்புப் போட்டு ஐந்தாறு விசில் விட்டு, பத்து நிமிடம் சிறு தீயில் வைத்து இறக்குங்கள். ஆறியதும் தண்ணீரை வடித்து மூடிய பாத்திரத்தில் ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். வடித்த தண்ணீரை ரசத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். மாலையில் வேண்டியதை எடுத்துத் தாளித்தால் ஐந்து நிமிட வேலை. பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கும் நேரத்தோடு போட்டி போடக்கூடிய ஒரே வழி இது.

ஊறியும் கடலை கல்லாக இருந்தால் இரண்டு காரணம். ஒன்று பழைய சரக்கு. நாள்பட்ட பயறு எத்தனை விசில் விட்டாலும் தோல் மட்டும் பிரிந்து உள்ளே மாவாகாது. வாங்கும்போது நிறம் மங்கி, சுருங்கி, ஓட்டையோடு இருப்பதைத் தவிர்த்து, ஓட்டம் அதிகமுள்ள கடையில் வாங்குங்கள். மற்றது உப்புத் தண்ணீர். ஆழ்துளைக் கிணற்றின் கடினநீரில் பயறு மெதுவாகத்தான் வேகும். குடிக்கிற தண்ணீரில் ஊறவைத்து வேகவையுங்கள். அப்படியும் வேகாவிட்டால் ஊறும்போது ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டு, வேகவைக்கும் முன் கழுவிவிடலாம். புளி, தக்காளி, எலுமிச்சை எல்லாம் வெந்த பிறகுதான். புளிப்பு முன்னாலேயே சேர்ந்தால் தோல் இறுகிவிடும்.

இரண்டாவது, வாயுத் தொல்லை. பயறு பழகாத வயிற்றுக்கு முதல் நாளே 40 கிராம் கொடுத்தால் உப்பிக்கொள்ளும். "எனக்குச் சுண்டல் ஒத்துக்காது" என்று அதோடு விட்டவர்கள் பலர். முதல் பத்து நாள் பாதி அளவு, அதாவது 20 கிராம் பயறோடு தொடங்குங்கள். மீதிக்குக் கொய்யாவோ முட்டையோ வைத்துக்கொள்ளுங்கள். கொண்டைக்கடலையைவிடப் பச்சைப்பயறு வயிற்றுக்கு இதமானது. தொடக்கம் அதிலிருந்தே இருக்கட்டும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்தால் வாயுவுக்குக் காரணமான சர்க்கரைகளில் ஒரு பங்கு போய்விடும். பெருங்காயமும் இஞ்சியும் நம் தாளிப்பில் எப்படியும் இருக்கின்றன. இரண்டு மூன்று வாரத்தில் குடல் பழகிவிடும்.

மூன்றாவது, பதிலாக வைக்க வேண்டியதைக் கூடுதலாக வைப்பது. சுண்டலும் தின்று, டீக்குத் தொட்டுக்கொள்ள பிஸ்கட்டும் தின்றால் எடை ஏறும், குறையாது. இது ஏன் நேர்கிறது என்றால் டீ நாலு மணிக்கு, சுண்டல் ஆறு மணிக்கு என்று இரண்டும் பிரிந்திருப்பதால். உங்களுக்குப் பசி நாலு மணிக்கு. சுண்டலை நாலு, நாலரைக்கே, பிள்ளைகள் வந்ததும் டீயோடு சேர்த்து வையுங்கள். ஆறு மணிக்குக் கை தேடினால் ஒரு கொய்யா அல்லது ஒரு டம்ளர் நீர்மோர்.

நிலக்கடலை விஷயத்தில் தனியாக ஒரு எச்சரிக்கை. நல்ல பொருள், புரதம் கிலோவுக்கு 250 கிராம் அளவில் இருக்கிறது. பாதாமைவிடச் சற்று அதிகம், விலையோ ஐந்தில் ஆறில் ஒரு பங்கு. பாதாம் வாங்க முடியவில்லையே என்று நீங்கள் வருந்த ஒன்றுமில்லை. ஆனால் அதிலும் பாதிக்குப் பாதி கொழுப்புதான். 30 கிராமில், அதாவது ஒரு கைப்பிடியில், 160 கலோரி இருக்கிறது. டிவி பார்த்துக்கொண்டே வறுத்த கடலையைத் தின்றால் 100 கிராம் போவது தெரியாது. அது 550 கலோரி. அதனால்தான் வறுத்ததை விட்டு அவித்ததை எழுதியிருக்கிறேன். சீசனில் ஓட்டோடு கிடைத்தால் அதுவே மேல். உரித்து உரித்துத் தின்னும்போது வேகம் தானாகக் குறையும். கடலைமாவு பூசிப் பொரித்த மசாலாக் கடலை மிக்சர் இனத்தைச் சேர்ந்தது, அது இந்தப் பட்டியலில் வராது. கடலை மிட்டாயில் பாதி வெல்லம். பொட்டுக்கடலையைச் சர்க்கரை சேர்த்துப் பொடித்தால் அதுவும் இனிப்பாகிவிடும். பொரி மட்டும் தனியாகத் தின்றால் அரை மணியில் பசிக்கும், அது வெறும் அரிசிதான். பொட்டுக்கடலையோடு வெங்காயம், கேரட் துருவல், எலுமிச்சை பிழிந்து கலந்தால்தான் தாங்கும்.

நான்காவது வழுக்கல் கொஞ்சம் நாகரிகமானது, அதனால் ஆபத்தானது. மேரியை நிறுத்திவிட்டு டைஜஸ்டிவ் பிஸ்கட், ராகி பிஸ்கட், மல்டிகிரெய்ன் பிஸ்கட், கம்பு முறுக்கு, வரகு மிக்சர் என்று போவது. பாக்கெட்டின் முகப்பைப் படிக்காதீர்கள், திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். நம் நாட்டுச் சட்டப்படி சேர்மானப் பட்டியலில் எது எடையில் அதிகமோ அது முதலில் வர வேண்டும். "ரிஃபைன்ட் வீட் ஃப்ளோர்" என்று தொடங்கினால் அது மைதா. முதல் மூன்றில் மைதா, சர்க்கரை, பாமாயில் மூன்றும் இருந்தால், முகப்பில் எந்தத் தானியத்தின் படம் இருந்தாலும் அது பிஸ்கட்தான். பிறகு கலோரியை 100 கிராமுக்கான கட்டத்தில் பாருங்கள். ஒரு பரிமாறலுக்கு என்ற கட்டத்தில் இரண்டு பிஸ்கட்டுக்குப் போட்டு எண்ணைச் சிறிதாக்கியிருப்பார்கள். டைஜஸ்டிவ் பிஸ்கட் பலவற்றில் மேரியைவிட 100 கிராமுக்கான கலோரியும் கொழுப்பும் கூடுதலாகவே இருக்கும். ஒவ்வொன்றும் மேரியைவிடக் கனமும் கூட. கம்பு முறுக்கில் கம்பு நல்லதுதான். ஆனால் குடிப்பது அதே எண்ணெயை. கம்பு வேண்டுமானால் அரைக் கிலோ வாங்கிக் கூழாகவோ தோசை மாவிலோ சேருங்கள்.

ஓட்ஸ் கெட்டதல்ல, உங்களுக்கு அவசியமில்லை. சியாவும் அப்படியே. நூடுல்ஸ் எட்டை இரண்டாக்கி, அதைச் சீட்டில் மிஞ்சிய 145 ரூபாயிலிருந்து வாங்கி, போடும்போது ஒரு முட்டையும் ஒரு கிண்ணம் காயும் சேருங்கள். அரிசியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நிறுத்த வேண்டாம். கூட்டும் பருப்பும் தட்டில் இடம் பிடித்தால் சாதம் ஒரு கரண்டி தானாகக் குறையும். இரவில் ரவை உப்புமா, சேமியா என்று "லேசாக" வைப்பதுதான் உங்களுக்கு உதவாது. அவையும் தீட்டிய தானியம்தான், எண்ணெயும் நிறைய இழுக்கும். இரண்டு இட்லியும் கெட்டிச் சாம்பாரும் அதைவிட நல்லது.

பிள்ளைகளுக்கு இதே சுண்டல் கொடுக்கலாம். ஆனால் அவர்களை எடை குறைக்கும் கணக்கில் வைக்காதீர்கள். வளரும் வயது; சுண்டலோடு வாழைப்பழம், பால், பசித்தால் ஒரு தோசை என்று கேட்டதைக் கொடுங்கள். கணவரின் பங்கைத் தாளிக்காமல் தனியே எடுத்துவைத்தால் அவர் வந்ததும் தரலாம், அல்லது மறுநாள் காலை கடைக்கு டப்பாவில் கொடுத்துவிடலாம். அவரும் மாலையில் கடையருகே பஜ்ஜி வாங்குகிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவும் செய்தால் எவ்வளவு குறையும்? மாலையில் 380 இருந்த இடத்தில் சுண்டல் 190, கொய்யா ஒன்று 70 என்று 260 வரும், 120 மிச்சம். எண்ணெயில் 100, சர்க்கரை 2 கிலோவுக்கு இறங்கியதும் 60. ஆக நாளுக்கு 280 கலோரி. ஒரு கிலோ உடல் கொழுப்பை ஏறக்குறைய 7,700 கலோரி என்று கணக்கிடுவது வழக்கம். அதன்படி மாதம் ஒரு கிலோ வரும். உண்மையில் எடை குறையக் குறைய உடலின் தேவையும் குறைவதால் மூன்று மாதத்தில் இரண்டிலிருந்து மூன்று கிலோ என்று எதிர்பாருங்கள். மெதுவாகத் தோன்றலாம். ஆனால் 76 கிலோவில் 4 கிலோ குறைந்தாலே ரத்த அழுத்தத்துக்கும் பின்னால் சர்க்கரை நோய் வரும் வாய்ப்புக்கும் நல்ல பலன் தெரியும். முதல் மாதம் பயறின் அளவு கூடுவதால் வயிறு கனமாக இருந்து எடை அப்படியே நிற்கலாம். வாரம் ஒரு நாள், காலையில் வெறும் வயிற்றில் எடை பாருங்கள். தொப்புள் மட்டத்தில் இடுப்பளவையும் டேப்பால் குறித்துவையுங்கள். பல பேருக்கு இடுப்பு முதலில் இறங்கும்.

வீட்டில் யாருக்காவது சிறுநீரகக் கோளாறு இருந்தால் பயறின் அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இந்தப் பட்டியலைக் கோளாறு உள்ளவருக்கு அப்படியே வைக்காதீர்கள். யூரிக் அமிலத்துக்கு மாத்திரை சாப்பிடுபவரும் கேட்டுக்கொள்வது நல்லது.

மாதக் கடைசியில், அடுத்த சீட்டு எழுதும் முன், டப்பாக்களை எடுத்து மீதி எவ்வளவு என்று நிறுத்துப் பாருங்கள். கொண்டைக்கடலை அரைக் கிலோவுக்கு மேல் மிச்சமிருந்தால் ஊறப் போடுவது நடக்கவில்லை என்று அர்த்தம். அடுத்த மாதம் அதைப் பாதியாக்கிப் பச்சைப்பயறைக் கூட்டுங்கள். நிலக்கடலை பத்தாம் தேதியே தீர்ந்திருந்தால் அவிப்பதற்குப் பதில் வறுக்கிறீர்கள். இரண்டாகப் பிரித்து, பாதியை மாத நடுவில் வாங்குங்கள். எல்லாம் சரியாகத் தீர்ந்தும், மூன்று மாதத்தில் எடையும் இடுப்பும் அசையவில்லை என்றால், அப்போதைய மளிகைச் சீட்டையும் ஒரு வாரம் சாப்பிட்டதையும் எழுதி அனுப்புங்கள். சாத அளவிலிருந்து மறுபடி பார்ப்போம்.